இலவச நோட் டேக்கர் எதை எண்ணுகிறது? நிமிடம், கூட்டம், மொழி

ஸூம் கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முகமில்லாத ஒரு கறுப்புப் பெட்டி உள்ளே வந்து உட்கார்ந்திருப்பதை இப்போது பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் பெயரில் யாரோ ஒருவரின் பெயரும் பக்கத்தில் நோட் டேக்கர் என்றும் இருக்கும். அது ஒரு மென்பொருள். பேசுவதை எல்லாம் பதிவு செய்து, எழுத்தாக்கி, கடைசியில் சுருக்கமும் போட்டு மின்னஞ்சலில் அனுப்பும். ஒட்டர், ஃபயர்ஃபிளைஸ், ஃபாதம், ரீட் ஏஐ எல்லாம் இந்த வகைதான். எல்லாவற்றிலும் இலவசக் கணக்கு உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கை வைக்கும். கூட்டத்தின் நடுவில்தான் அது எந்த இடம் என்று தெரியவரும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கருவி மூன்று தனித்தனி வேலைகளைச் செய்கிறது. ஒலியைப் பதிந்து தன் சேமிப்பில் வைக்கிறது. அந்த ஒலியை வரிவரியாக எழுத்தாக்குகிறது. பிறகு அந்த எழுத்தைப் படித்து, என்ன முடிவானது, யார் எதைச் செய்ய ஒப்புக்கொண்டார் என்று சுருக்குகிறது. மூன்றுக்கும் நிறுவனத்துக்கு ஆகும் செலவு ஒரே மாதிரி இல்லை. எழுத்தாக்கும் செலவு நிமிடக் கணக்கில் ஏறும். சேமிப்புச் செலவு பழைய பதிவுகள் இருக்கும்வரை ஒவ்வொரு மாதமும் தொடரும். சுருக்கும் செலவு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முறை வரும். ஒரு சேவை நிமிடத்தை எண்ணுவதும், இன்னொன்று சேமிப்பை எண்ணுவதும், மூன்றாவது சுருக்கங்களை எண்ணுவதும் இதனால்தான். ‘இலவசம்’ என்று எழுதியிருந்தால், மூன்றில் எது இலவசம் என்று கேட்க வேண்டும்.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. யாழ்ப்பாணத்தில் எங்கும் காணக்கூடிய ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு பழைய மாணவர் சங்கத்தின் மாதம்

சங்கம் இங்கே, கிளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும். நிர்வாகக் குழு மாதத்தில் இரண்டு ஞாயிறு கூடுகிறது. இங்கே இரவு 7.30 என்றால் குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் 2 மணி, ரொறன்ரோவில் காலை 9 மணி. எல்லாருக்கும் ஒத்துவருகிற நேரம் அது ஒன்றுதான். கூட்டம் 75 நிமிடம் போகும். இதைவிட, புலமைப்பரிசில் உபகுழு புதன்தோறும் 25 நிமிடம் கதைக்கும். ஆக மாதத்துக்கு நிர்வாகக் கூட்டம் 150 நிமிடம், உபகுழு 100 நிமிடம். மொத்தம் 250 நிமிடம், 6 கூட்டம். செயலாளர் எல்லாவற்றுக்கும் அறிக்கை எழுத வேண்டும். பகலில் வேலைக்குப் போகிற மனிதருக்கு இது சின்னச் சுமை இல்லை. எனவே நோட் டேக்கரைத் தேடுகிறார்.

ஒட்டரின் இலவசக் கணக்கு மாதம் 300 நிமிடம் தருகிறது. சங்கத்துக்குத் தேவை 250. போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அதே கணக்கில் இன்னொரு எல்லையும் இருக்கிறது: ஒரு உரையாடலுக்கு 30 நிமிடம். அதைத் தாண்டியது எழுத்தாகாது.

கணக்கைத் திரும்பப் போடுங்கள். 25 நிமிட உபகுழுக் கூட்டங்கள் நான்கும் முழுதாக ஏறிவிடும், அது 100. நிர்வாகக் கூட்டம் ஒவ்வொன்றிலும் 30 மட்டும் ஏறும், அது 60. மாத முடிவில் 160 நிமிடம்தான் பயன்பட்டிருக்கும். 140 நிமிடம் கணக்கில் மிச்சம் கிடக்க, 90 நிமிடப் பேச்சு எங்கும் இல்லாமல் போயிருக்கும்.

எந்த 90 நிமிடம் என்பதுதான் முக்கியம். நம்மூர்க் கூட்டம் எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 7.30க்கு இணைப்பைத் திறந்தால் ஆட்கள் சேரவே பத்துப் பன்னிரண்டு நிமிடம். “அண்ணை, மைக்கை ஒருக்கா ஓன் பண்ணுங்கோ” என்று கொஞ்ச நேரம். பிறகு காலமான உறுப்பினர்களுக்கு அக வணக்கம், தலைவர் உரை, சென்ற கூட்ட அறிக்கை வாசிப்பு, அதை ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிவது. மணி எட்டாகிவிடும். பொருளாளர் கணக்கறிக்கையைத் தொடங்குவது அதற்குப் பிறகு. நூலகக் கூரைக்கு எந்த ஒப்பந்தகாரர், லண்டன் கிளை எவ்வளவு தரும், எப்போது தரும் என்ற முடிவுகள் 8.25க்கு மேல். நோட் டேக்கர் எட்டு மணிக்கே நின்றுவிட்டது. செயலாளரின் மின்னஞ்சலுக்கு வரும் அழகான சுருக்கத்தில், சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதைத் தவிர உருப்படியாக ஒன்றும் இருக்காது. அந்த அறிக்கையை எழுதியவரே அவர்தான்.

ஆகவே மாத மொத்தத்தைப் பார்க்கும் முன் ஒரு கூட்டத்துக்கான உச்ச வரம்பைப் பாருங்கள். விலைப் பக்கத்தில் மாத நிமிடம் பெரிய எழுத்தில் இருக்கும். கூட்ட வரம்பு அதற்குக் கீழே, நீண்ட ஒப்பீட்டு அட்டவணையின் ஏதோ ஒரு வரிசையில் இருக்கும்.

இதற்குக் கைவசம் ஒரு வழி இருக்கிறது. வரம்பு ஒரு பதிவுக்குத்தான். எனவே செயலாளர் பதிவை 7.30க்குத் தொடங்காமல், கணக்கறிக்கை தொடங்கும் நேரத்தில் தொடங்கலாம். 30 நிமிடம் நெருங்கும்போது நிறுத்தி, புதிய பதிவாக மறுபடி தொடங்கலாம். எட்டு மணிக்குத் தொடங்கினால் 8.45 வரை இரண்டே பதிவுகளில் முடிவுகள் எல்லாம் அகப்பட்டுவிடும். மாதத்துக்கு 90 நிமிடமும் உபகுழுவின் 100 நிமிடமும் சேர்ந்து 190தான், 300க்குள் வசதியாக அடங்கும். ஆனால் யாராவது ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தலைவரிடமோ பொருளாளரிடமோ விடாதீர்கள், கூட்டத்தில் குறைவாகப் பேசும் ஒருவரிடம் கொடுங்கள்.

நிமிடம் எப்படி எண்ணப்படுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேசிய நேரத்தை மட்டும் எடுப்பதில்லை, பதிவு ஓடிய நேரம் முழுவதும் கணக்கில் விழும். ஆட்கள் சேரும்வரை காத்திருந்த பன்னிரண்டு நிமிடமும், அக வணக்கத்தின் அமைதியும் சேர்த்துத்தான். நாட்காட்டியோடு கணக்கை இணைத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல சேவைகளில், நாட்காட்டியில் உள்ள எல்லாக் கூட்டத்துக்கும் நோட் டேக்கர் தானாகவே போய்ச் சேரும் அமைப்பு உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் பிள்ளையின் ஒன்லைன் ரியூஷன் வகுப்புக்கும் அது போய் உட்கார்ந்து, சங்கத்தின் நிமிடங்களைத் தின்றுவிடும். கணக்குத் திறந்த அன்றே அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிட்டு, வேண்டிய கூட்டத்துக்கு மட்டும் கையால் அழையுங்கள்.

கூட்டத்தை எண்ணும் சேவைகள்

இரண்டாவது வகை நிமிடத்தைப் பெரிதாகப் பார்க்காது, கூட்டங்களை எண்ணும். ரீட் ஏஐ-யின் இலவசக் கணக்கு மாதத்துக்கு 5 கூட்டம் என்ற வகையில் வருவது. சங்கத்துக்கு 6. ஒன்றுதானே குறைகிறது, கடைசி உபகுழுக் கூட்டத்தைக் கையால் எழுதிவிடலாம் என்று செயலாளர் நினைப்பார். சரிதான், ஸூம் கணக்கு இலவசமாக இல்லாதவரை.

ஸூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தோடு முடிந்துவிடும். எல்லாரும் அதே இணைப்பை மறுபடி அழுத்தி உள்ளே வருவது நமக்குப் பழகிய விஷயம். நமக்கு அது ஒரே கூட்டத்தின் தொடர்ச்சி. நோட் டேக்கருக்கு அது இன்னொரு கூட்டம். இப்போது எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் நிர்வாகக் கூட்டம் இரண்டாக விழுந்தது, உபகுழு ஒன்று: மூன்று போய்விட்டது. இரண்டாம் வாரம் உபகுழு: நான்கு. மூன்றாம் வார ஞாயிறு நிர்வாகக் கூட்டத்தின் முதல் 40 நிமிடம்: ஐந்து. அவ்வளவுதான். அன்று 8.10க்கு இணைப்பு அறுந்து எல்லாரும் திரும்பி வந்தபோது நோட் டேக்கரின் மாதம் முடிந்துவிட்டது. நூலகக் கூரை முடிவும் இல்லை, அந்த மாதத்தின் மீதி இரண்டு உபகுழுக் கூட்டங்களும் இல்லை.

தவறுதலாகத் திறந்து உடனே மூடிய கூட்டமும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடக்கூடும். ஆகவே இந்த வகைச் சேவையை எடுத்தால், நீண்ட கூட்டங்களுக்கு மட்டும் அழைப்பதுதான் லாபம். 25 நிமிட உபகுழுவுக்கு ஒரு ஆளின் கொப்பியும் பேனையும் போதும்.

இதே 40 நிமிட முறிவு ஒட்டர் போன்ற நிமிடச் சேவையில் எதிர்மாறாக வேலை செய்கிறது என்பதையும் பாருங்கள். முதல் துண்டு 40 நிமிடத்தில் 30 ஏறும். இரண்டாவது துண்டு புதிய உரையாடல் என்பதால், நோட் டேக்கரை மறுபடி உள்ளே எடுத்தால் இன்னொரு 30 ஏறும். 8.25க்கு எடுத்த முடிவு அதற்குள் வந்துவிடும். ஒரே சங்கம், ஒரே 75 நிமிடம். ஒரு சேவையில் ஸூமின் முறிவு கெடுத்த வேலையை இன்னொன்றில் அதே முறிவு காப்பாற்றுகிறது. அதனால்தான் மற்றவர்களின் பரிந்துரையை அப்படியே எடுக்கக் கூடாது என்கிறேன். அவர்களுடைய கூட்டங்களின் நீளமும் எண்ணிக்கையும் உங்களுடையவையாக இருக்காது.

சுருக்கங்களை எண்ணும் சேவைகளும் உண்டு. ஃபாதம் போன வழி அது. பதிவுக்கும் எழுத்துக்கும் இலவசக் கணக்கில் எல்லை வைக்காமல், விரிவான சுருக்கத்தை மட்டும் மாதத்துக்கு 5 கூட்டத்தோடு நிறுத்துகிறது. என் கணிப்பில் ஆரம்பநிலையில் இருப்பவருக்கு மிகவும் தாராளமான ஏற்பாடு இது. ஆறாவது கூட்டத்துக்கு நல்ல சுருக்கம் வராவிட்டாலும் பேச்சு முழுதாக எழுத்தில் இருக்கும். தேடி எடுத்து நீங்களே சுருக்கிக்கொள்ளலாம். இல்லாத பேச்சை யாரும் சுருக்க முடியாது.

சேமிப்பை எண்ணுவது இன்னொரு ரகம். ஃபயர்ஃபிளைஸின் இலவசக் கணக்கில் 800 நிமிடச் சேமிப்பு. 300ஐ விட எவ்வளவோ கூட என்று தோன்றும், ஆனால் இந்த 800 மாதம் பிறந்தால் புதுப்பிக்கப்படுவதில்லை. மாதம் 250 என்று போனால் மூன்றாம் மாத முடிவில் 750. நான்காம் மாதத்தின் முதல் ஞாயிறே நிரம்பிவிடும். பழையதை அழித்தால் இடம் வரும். சங்கச் செயலாளர் மாத முடிவில் எழுத்தைப் பிரதி எடுத்துத் தன் கணினியில் வைத்துவிட்டு அங்கே அழித்துவிடும் பழக்கத்தை வைத்திருந்தால் இது ஒரு தொல்லையே இல்லை. அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு நான்காம் மாதம் சிக்கல்தான். ஒட்டரிலும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது: இலவசக் கணக்கில் அண்மைய 25 உரையாடல்களைத்தான் திறந்து பார்க்கலாம்.

இந்த எண்கள் எல்லாம் நிறுவனங்கள் நினைத்தால் மாறும் என்பதற்கும் ஒட்டரே சாட்சி. 2022இல் அது இலவச மாத அளவை 600 நிமிடத்திலிருந்து 300 ஆகவும், ஒரு உரையாடலின் வரம்பை 40 நிமிடத்திலிருந்து 30 ஆகவும் குறைத்தது. எனவே இங்கே உள்ள எண்களை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். சேர்கிற அன்று விலைப் பக்கத்தில் நான்கு விஷயத்தைத் தேடுங்கள்: மாத மொத்தம் எவ்வளவு, ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு, எண்ணிக்கை மாதந்தோறும் திரும்ப வருமா அல்லது வாழ்நாளுக்கு ஒரே தடவையா, பழைய பதிவு எவ்வளவு காலம் இருக்கும். வாழ்நாள் கணக்கு என்பது அரிதான ஒன்று இல்லை. ஒட்டரின் இலவசக் கணக்கில், வேறெங்கோ பதிவு செய்த ஒலிக் கோப்பை ஏற்றுவதற்கு மொத்தமாக மூன்றே வாய்ப்பு. மூன்றையும் சோதித்துப் பார்ப்பதிலேயே முடித்துவிட்டால் பிறகு அந்தக் கதவு திறக்காது.

தமிழில் பேசினால்

மேலே போட்ட கணக்கு முழுவதும், சங்கம் ஆங்கிலத்தில் பேசுகிறது என்று வைத்துக்கொண்டால்தான் செல்லும். நம் சங்கம் தமிழில் பேசுகிறது. ஒட்டர் எழுத்தாக்கும் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் என்று ஒரு சிறு பட்டியல், அதில் தமிழ் இல்லை. இலவசக் கணக்கை விட்டுக் காசு கட்டினாலும் இல்லை. நிமிட வரம்பைப் பணம் கொடுத்து ஏற்றலாம். இல்லாத மொழியைப் பணத்தால் கொண்டுவர முடியாது. அதனால் ஒரு சேவையைப் பார்க்கும்போது நான் முதலில் மொழிப் பட்டியலைத்தான் திறப்பேன். தமிழ் இல்லையென்றால் மீதியைப் படிக்கும் நேரம் மிச்சம்.

ஆங்கிலம் என்று அமைத்த கருவிக்கு முன்னால் தமிழில் பேசினால் அது பிழை என்று சொல்லி நிற்காது. கேட்கும் ஒலிக்கு அருகில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பிடித்து எழுதிக்கொண்டே போகும். கூட்டம் நடக்கும்போது திரையில் வரிகள் ஓடுவதால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று தோன்றும். பிறகு படித்தால் ஒரு வாக்கியம்கூடப் பொருந்தாது. நிமிடம் மட்டும் முழுதாகக் கழிந்திருக்கும். இன்னும் கவலையான பக்கம் சுருக்கம். இந்தக் குப்பையை வைத்துக்கொண்டும் சுருக்கும் பகுதி ஒழுங்கான வாக்கியங்களில் ஏதோ ஒன்றை எழுதித் தந்துவிடும். படிப்பவருக்குச் சந்தேகம் வராத அளவுக்கு ஒழுங்காக. எனவே சுருக்கத்தைப் பார்த்து ஒரு கருவியை மதிப்பிடக் கூடாது, அதன் கீழே உள்ள எழுத்தைத் திறந்து இரண்டு பந்தியாவது படிக்க வேண்டும்.

அறுபது மொழி, நூறு மொழி என்று விளம்பரம் செய்யும் சேவைகளிலும் மூன்றைப் பிரித்துப் பாருங்கள். திரையில் பொத்தான்களின் மொழி ஒன்று. பேச்சை எழுத்தாக்கும் மொழி இன்னொன்று. சுருக்கம் எந்த மொழியில் வரும் என்பது மூன்றாவது. நூறு மொழி என்பது சுருக்கத்தை மொழிபெயர்த்துத் தருவதற்கு மட்டும் பொருந்துவதாகக்கூட இருக்கலாம். நமக்கு வேண்டியது இரண்டாவது.

பட்டியலில் தமிழ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எந்தத் தமிழ் என்பது அடுத்த கேள்வி. கூகுளின் பேச்சறி சேவையில் இந்தியத் தமிழுக்கு `ta-IN` என்றும் இலங்கைத் தமிழுக்கு `ta-LK` என்றும் தனித்தனிக் குறியீடு இருக்கிறது. ஆனால் ஒரு நோட் டேக்கர் நிறுவனம் அதில் எதைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது என்பது அதன் விருப்பம். தெரிவு இருந்தால் இலங்கைத் தமிழை எடுத்துச் சோதியுங்கள். அதோடு நம் கூட்டங்களில் யாரும் ஒரே மொழியில் பேசுவதில்லை. “அந்த எஸ்டிமேட்டை ரிவைஸ் பண்ணச் சொல்லிக் கதைச்சனாங்கள், அவர் இன்னும் அனுப்பேல்லை” என்பது சாதாரணமான ஒரு வாக்கியம். பாதிச் சொல் ஆங்கிலம், வினையெல்லாம் யாழ்ப்பாணத்துப் பேச்சு. பல கருவிகள் ஒரு கூட்டத்துக்கு ஒரே மொழியைத்தான் எடுக்கும். இடையில் மொழி மாறுவதைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியைச் சில சேவைகள் காசு கட்டுபவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கின்றன.

ஆகவே இலவச நிமிடங்களில் ஐந்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். செயலாளரும் பொருளாளரும் மட்டும் ஒரு அழைப்பில் சேர்ந்து, வழக்கமாகப் பேசுவது போலவே பேசுங்கள். நான்கு உறுப்பினர் பெயர், இரண்டு தொகை, ஒரு திகதி, ஒரு மறுப்பு ஆகியவற்றை வேண்டுமென்றே அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு எழுத்தில் அந்த எட்டு இடத்தையும் தேடுங்கள். மற்றச் சொற்கள் கொஞ்சம் சிதைந்தாலும் அர்த்தம் பிடிபடும். பெயரும் தொகையும் பிழைத்தால் அறிக்கையே பிழை. “ஏலாது” என்று லண்டன் கிளை சொன்னது “ஏலும்” என்று விழுந்தால் முடிவே தலைகீழ். எட்டில் மூன்றோ நான்கோ தவறினால் அந்தக் கருவியை நம்பி அறிக்கை எழுத முடியாது, கையால் எழுதிய குறிப்புக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணாத ஒரு வழி

தமிழும் வேண்டும், நிமிட எல்லையும் கூடாது, காசும் கட்ட இயலாது என்ற நிலையில் உள்ள சங்கத்துக்கு, கொஞ்சம் கணினி தெரிந்த ஒரு ஆள் இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஸூமின் இலவசக் கணக்கில், கணினியில் இருந்து நடத்துபவர் கூட்டத்தைத் தன் கணினியிலேயே பதிவு செய்யலாம். கூட்டம் முடிந்ததும் காணொளிக் கோப்போடு ஒலி மட்டும் உள்ள ஒரு `m4a` கோப்பும் கிடைக்கும். அந்தக் கோப்பை விஸ்பர் என்ற திறந்த மென்பொருளிடம் கொடுக்கலாம். 2022 செப்டெம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்டது அது. உங்கள் கணினியிலேயே ஓடும், எந்தச் சேவையும் உங்கள் நிமிடத்தை எண்ணாது, ஒலியும் வெளியே போகாது. பைதன் என்ற நிரல்மொழியும், ஒலிக் கோப்பை வாசிக்க உதவும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளும் நிறுவிய கணினியில் இவ்வளவுதான்:

```
pip install -U openai-whisper
whisper kootam.m4a --model medium --language Tamil
```

இங்கே விலை நேரமாக வருகிறது. விஸ்பர் சிறிதும் பெரிதுமாகப் பல மாதிரிகளில் வருகிறது, மேலே உள்ள கட்டளையில் `medium` என்பது அந்த அளவு. பெரிய மாதிரி நன்றாக எழுதும், ஆனால் தனியான கிராபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் மெதுவாக ஓடும். 75 நிமிடக் கூட்டத்தை இரவில் போட்டுவிட்டுப் படுப்பதுதான் வசதி. சின்ன மாதிரிகள் விரைவாக முடிக்கும், தமிழில் அவை எழுதுவது பெரும்பாலும் உதவாது. காரணம் எளிது. விஸ்பர் பழகிய 680,000 மணிநேர ஒலியில், ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது 117,000 மணிநேரம். அதில் தமிழின் பங்கு சிறியது. யாழ்ப்பாணத்துப் பேச்சு அதற்குள் இன்னும் சிறியது.

இதில் விழும் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. பேச்சில்லாத இடத்திலும் இரைச்சல் உள்ள இடத்திலும் விஸ்பர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும், சிலவேளை யாரும் சொல்லாத வாக்கியத்தையும் சேர்க்கும். அக வணக்க நேரம், இணைப்பு அறுந்து திரும்பிய நேரம் ஆகியவற்றில் இது வரும். ஒரே வரி நான்கைந்து தடவை அடுக்கி நின்றால் அந்த இடத்தை ஒலியில் போட்டுக் கேளுங்கள். சுருக்கம் இதில் வராது, அதைச் செயலாளர்தான் எழுத வேண்டும். எழுத்து கையில் இருந்தால் அது அரைமணி நேர வேலை, ஒலியை மட்டும் கேட்டு எழுதினால் ஒரு இரவு முழுவதும் போகும்.

எந்த வழியை எடுத்தாலும் பதிவு தொடங்கும்போது கூட்டத்தில் சொல்லிச் சம்மதம் கேளுங்கள், அந்தச் சம்மதத்தையும் அறிக்கையில் எழுதுங்கள். புலமைப்பரிசில் உபகுழுவில் பிள்ளைகளின் குடும்ப வறுமை பற்றிப் பெயர் சொல்லிக் கதைப்பார்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு புறம். அந்தப் பேச்சு வெளிநாட்டுச் சேமிப்பகம் ஒன்றில் கிடக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கூட்டத்துக்கு நோட் டேக்கரை அழைக்காதீர்கள். எண்ணிக்கையும் மிச்சமாகும்.

காசு கட்டுவதென்றால்

ஆங்கிலத்தில் கூட்டம் நடத்தும் இடங்களுக்கு, உதாரணமாக லண்டன் வாடிக்கையாளர்களோடு வேலை செய்யும் இங்குள்ள சிறு மென்பொருள் நிறுவனங்களுக்கு, காசு கட்டுவது நியாயமாக இருக்கலாம். அங்கே ஒருவர் கட்டினால் போதுமா, எல்லாரும் கட்ட வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் விலை ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஆனால் பதிவு செய்பவர் ஒருவர் என்றால் ஒரு கணக்கே போதும், மற்றவர்களுக்கு எழுத்தை அனுப்பிவிடலாம். ஒட்டரின் அடுத்த படி மாதம் 1,200 நிமிடமும் ஒரு உரையாடலுக்கு 90 நிமிடமும் தருகிறது. 75 நிமிடக் கூட்டம் அதில் முழுதாக அடங்கும். இரண்டு மணி நேரப் பட்டறை அடங்காது. இங்கேயும் கூட்ட வரம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விலைப் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் தொகை, பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே கட்டினால் மாதத்துக்கு வரும் தொகை. மாதாமாதம் கட்டினால் அதைவிடக் கூட. தொகை டொலரில், உங்கள் வங்கி அட்டையில் அன்றைய மாற்று வீதத்தில் ரூபாயாகக் கழியும். முதல் மாதத்தை மாதக் கட்டணத்தில் எடுத்து, உங்கள் மிக நீளமான கூட்டத்தை ஒரு தடவை அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருடத்துக்கு மாறுங்கள். இலவசச் சோதனைக் காலத்துக்கு அட்டை இலக்கம் கேட்டால், அது முடிவதற்கு முந்தின நாளைத் தொலைபேசியில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள். முடிந்ததும் தானாகக் கட்டணம் கழியத் தொடங்கும்.

சங்கங்களுக்கு இன்னொரு விஷயம். கணக்கைச் செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் திறக்காதீர்கள், சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் வைத்து அதில் திறவுங்கள். ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது பழைய பதிவுகள் எல்லாம் யாருடைய கணக்கில் இருக்கிறதோ அவரோடு போய்விடும். கடவுச்சொல்லையும் கணக்குப் புத்தகத்தோடும் அறிக்கைப் புத்தகத்தோடும் சேர்த்துப் புதிய செயலாளரிடம் கையளித்துவிடலாம்.